முதல் மலாய் உரையாடல்: சாப்பாடு சொல்லவும் வழி கேட்கவும் வீட்டிலேயே ஒத்திகை – முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பட்டணம். தமிழ்நாட்டிலிருந்து இங்கே வருகிறவர்கள் முதல் வாரத்தைத் தமிழிலேயே ஓட்டிவிடலாம். மளிகைக்கடையில் தமிழ், கோயிலில் தமிழ், முடிவெட்டும் கடையில் தமிழ். வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போன ஒரு பகலில் தனியாக வெளியே இறங்கி, மலாய்க்காரர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் நிற்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அப்படி வந்தவர்களுக்கு ஞாயிறு மாலைகளில் எங்கள் வீட்டுப் பின்கூடத்தில் ஒத்திகை நடத்துகிறேன். ஒருவர் கடைக்காரர், ஒருவர் சாப்பிட வந்தவர் என்று நடித்துப் பார்ப்பதுதான் பயிற்சி. எல்லோரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். 'எனக்கு டீ வேண்டும்' என்பதை அழகாக மனப்பாடம் செய்து சொல்லிவிடுவார்கள். அடுத்த நொடி கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். அதற்குத்தான் பதில் இருக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் எதிராளி பேசும் வாக்கியங்கள், அப்புறம் நம்முடையவை.

1. தொடங்குமுன் எடுத்து வைக்க வேண்டியவை

மலாய் நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். 'நீங்கள்' என்று நான் சொல்வது அவரைத்தான், 'வந்தவர்' என்பது பழகுகிறவரை. மேசை, இரண்டு தட்டு, மூன்று குவளை, நிஜ வெள்ளி நோட்டும் சில்லறையும் வேண்டும். விளையாட்டுக் காசு வேண்டாம். ஐந்து வெள்ளி நோட்டும் பத்து வெள்ளி நோட்டும் எந்த நிறம் என்று கண் பழகுவதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

அப்புறம் எட்டுச் சீட்டுகள். கடைக்காரர் சொல்லக்கூடிய வாக்கியங்களை, சீட்டுக்கு ஒன்றாகத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். இதில் ஒரு கவனம் தேவை. தமிழில் ஒரே 'ப'தான், மலாயில் இரண்டு ஒலி. காலை என்பதற்கும் 'கொடு' என்பதற்கும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பாகி'தான். முதலாவதில் 'பத்து'வில் வரும் ப, இரண்டாவதில் 'பஸ்'ஸில் வரும் ப. 'பஸ்' ஒலி வரும் எழுத்துகளுக்குக் கீழே சிவப்புக் கோடு போடுங்கள். க, த எழுத்துகளுக்கும் அப்படியே. கோடு போடாத சீட்டை வைத்துப் பழகியவர்களின் உச்சரிப்பைத் திருத்த எனக்கு இரண்டு மடங்கு நேரம் பிடித்திருக்கிறது.

ஓர் அமர்வு நாற்பது நிமிடம் போதும். முழுப் பயிற்சிக்கு நான்கு அமர்வுகள். முதல் மூன்று சாப்பாட்டுக் கடைக்கு, கடைசி ஒன்று வழி கேட்பதற்கு.

2. கடைக்காரர் கேட்பதைக் காதில் வாங்குவது

முதல் அமர்வில் வந்தவர் வாயைத் திறக்க வேண்டாம். நீங்கள் கடைக்காரராக நின்று கேளுங்கள், அவர் கையால் பதில் காட்டட்டும். பேச வேண்டிய பயம் இல்லாதபோதுதான் காது வேலை செய்யும்.

நான்கு கேள்விகள் போதும். 'நாக் மாக்கான் ஆப்பா?' என்றால் என்ன சாப்பிடுகிறீர்கள். 'மீனும்?' என்றால் குடிக்க என்ன. 'மாக்கான் சீனி, பூங்குஸ்?' என்றால் இங்கேயே சாப்பிடுகிறீர்களா, கட்டித் தரவா. 'ஆடா லாகி?' என்றால் வேறு ஏதாவது உண்டா. பூங்குஸ் என்றால் வந்தவர் பையைக் காட்ட வேண்டும், மாக்கான் சீனி என்றால் நாற்காலியைத் தொட வேண்டும். கேள்விகளை வரிசை மாற்றிக் கேளுங்கள். கடையில் அவை வரிசையாக வருவதில்லை.

வேகத்தைக் குறைக்காதீர்கள். நம் ஆள் என்ற இரக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் இழுத்துச் சொல்லிக் கொடுப்பது பெரிய தவறு. கடையில் 'நாக்' என்பதன் கடைசி ஒலி தொண்டையிலேயே நின்றுவிடும், 'நா' என்றுதான் கேட்கும். 'ஆப்பா' என்பதைச் சிலர் 'ஆப்பெ' என்பார்கள். இரண்டையும் வந்தவர் கேட்டிருக்க வேண்டும். புரியவில்லை என்றால் வேகத்தைக் குறைக்காமல் அதே வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள்.

3. நம் பக்க வாக்கியம்: முறைப்பெயர், பொருள், எண்ணிக்கை

சொல்ல வேண்டியது சிறியதுதான். 'காக், ரொட்டி சானாய் டுவா.' அக்கா, ரொட்டி சானாய் இரண்டு. கடையில் பொருளை முதலில் சொல்லி எண்ணிக்கையைப் பின்னால் வைப்பார்கள். நாமும் 'தோசை ரெண்டு' என்றுதானே சொல்கிறோம், அதே வரிசை.

முறைப்பெயரை விடக்கூடாது. தன்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்ணுக்குக் காக், ஆணுக்குப் பாங், அம்மா வயதுக்காரருக்கு மாக் சிக், அப்பா வயதுக்காரருக்குப் பாக் சிக், இளையவருக்கு டிக். 'நீங்கள்' என்பதற்குப் புத்தகத்தில் 'ஆவாக்' என்று படித்துவிட்டு வந்து, பெரியவரிடம் அதைச் சொல்கிறவர்கள் உண்டு. அது மரியாதைக் குறைவாகப் படும். ஊரில் முன்பின் தெரியாதவரை அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது எளிது. அந்தப் பழக்கத்தை இங்கேயும் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தண்ணீர் வகையில் மூன்று சொல் தெரிந்தால் சமாளிக்கலாம். 'தே' என்று மட்டும் கேட்டால் கெட்டிப்பால் போட்டு இனிப்பாக வரும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, ஆனால் சர்க்கரை உண்டு. சர்க்கரையும் வேண்டாம் என்றால் 'தே ஓ கோசோங்'. கோசோங் என்பதற்கு வெறுமை என்று பொருள். இனிப்பு கொஞ்சமாக வேண்டுமென்றால் 'கூராங் மானிஸ்'. சர்க்கரை நோய் உள்ளவர் வந்திருந்தால் இந்த ஒரு வரியை அன்றைக்கே இருபது தடவை சொல்ல வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சூடு, காரம் இரண்டும் குழம்பும். பானாஸ் என்றால் சூடு, பெடாஸ் என்றால் காரம். சூடான டீ என்று நினைத்துக்கொண்டு 'தே பெடாஸ்' என்று கேட்டவர்கள் என் வீட்டிலேயே இருவர்.

4. சைவக்காரர்களுக்கு ஒரு தனி ஒத்திகை

இந்தப் படியைத் தனியாக எழுதக் காரணம் உண்டு. தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் உறவுக்காரப் பெண் சுத்த சைவம். 'சாயா தாக் மாக்கான் டாகிங்' என்று அகராதி பார்த்துப் படித்து வைத்திருந்தாள். டாகிங் என்றால் இறைச்சி என்று அகராதி சொல்வது சரிதான். ஆனால் மலேசியக் கடைகளில் டாகிங் என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி. அவள் சொன்னதைக் கேட்ட கடைக்கார அம்மா, மாடு சாப்பிடாத இந்துப் பெண் என்று அக்கறையோடு புரிந்துகொண்டு, கோழி போட்ட நாசி கோரேங் கொண்டுவந்து வைத்தார். யார் மேலும் தப்பு இல்லை, சொல்தான் பொருந்தவில்லை.

அதனால் வேண்டாததை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி விலக்க வேண்டும். 'தாக் நாக் ஆயாம், தாக் நாக் ஈக்கான், தாக் நாக் ஊடாங்.' கோழி வேண்டாம், மீன் வேண்டாம், இறால் வேண்டாம். முட்டையும் ஆகாது என்றால் 'தாக் நாக் தெலோர்' என்பதையும் சேர்க்க வேண்டும்.

இதோடு முடியவில்லை. 'சாயோர் சாஜா', காய்கறி மட்டும் என்று கேட்டாலும், வதக்கிய கீரையில் காய்ந்த இறாலோ நெத்திலியோ இருக்கலாம். நாசி லெமாக்கின் சம்பாலில் நெத்திலி உண்டு, இறாலைப் புளிக்கவைத்துச் செய்யும் பெலாச்சானும் பெரும்பாலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. எனவே ஒத்திகையில் இன்னொரு கேள்வியும் வேண்டும்: 'இனி ஆடா ஊடாங்?' இதில் இறால் இருக்கிறதா? கடைக்காரராக நடிப்பவர் ஒருமுறை 'தாக் ஆடா' (இல்லை) என்றும், ஒருமுறை 'ஆடா சிக்கிட்' (கொஞ்சம் இருக்கிறது) என்றும் சொல்லுங்கள். சிக்கிட் என்று கேட்டதும் தலையாட்டி வாங்கிக்கொண்டால், ஒத்திகையை நிறுத்தி மறுபடி தொடங்குங்கள்.

5. காசைக் காதால் கேட்பது

சாப்பிட்டு முடித்ததும் 'கீரா, காக்' என்றால் கணக்குப் பார்ப்பார்கள். அல்லது 'பெராப்பா?' எவ்வளவு? பதிலாக வரும் எண்ணில்தான் தடுமாற்றம்.

ஒன்று முதல் பத்து வரை எல்லோரும் ஒரு மாலையில் படித்துவிடுகிறார்கள். சிக்கல் பெலாஸ், பூலோ இரண்டிலும். லீமா என்றால் ஐந்து. லீமா பெலாஸ் பதினைந்து, லீமா பூலோ ஐம்பது. டுவா பெலாஸ் பன்னிரண்டு, டுவா பூலோ இருபது. வேகமாகச் சொல்லும்போது முதல் சொல்தான் காதில் பதிகிறது, இரண்டாவது நழுவிவிடுகிறது.

ஒத்திகை இப்படி: நீங்கள் விலை சொல்லுங்கள், அவர் மேசையில் காசை எடுத்து வைக்கட்டும். டுவா பெலாஸ் ரிங்கிட் லீமா பூலோ. பன்னிரண்டு வெள்ளி ஐம்பது காசு. சென் என்ற சொல்லைப் பல நேரம் விட்டுவிடுவார்கள், அதையும் அப்படியே விட்டுச் சொல்லுங்கள். பத்து விலை சொல்லி, குறைந்தது எட்டு சரியாக வந்தால்தான் அடுத்த படி.

காசைக் கொடுப்பது வலது கையால். நம் வழக்கமும் அதுதான் என்றாலும், இடது கையில் பணப்பையோடு நிற்கும்போது மறந்துவிடும். நடித்துப் பார்க்கும்போதே திருத்திவிடுங்கள்.

6. ஒரே ஒரு இடைஞ்சல் சேர்ப்பது

இதுவரை எல்லாம் சரியாக நடக்கும் கடை. இப்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஒரு இடைஞ்சலைக் கொண்டுவாருங்கள். இரண்டு வேண்டாம். இரண்டு சேர்ந்தால் எதில் விழுந்தார் என்று உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

முதல் இடைஞ்சல் 'ஹாபிஸ்'. கேட்ட பொருள் தீர்ந்துவிட்டது. இந்தச் சொல் தெரியாதவர்கள் சாப்பாடு வருமென்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஹாபிஸ் என்று கேட்டதும் 'ஆடா ஆப்பா?' (என்ன இருக்கிறது?) என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். இரண்டாவது, கேட்டது ஒன்று, வந்தது ஒன்று. 'மாஆஃப் காக், சாயா நாக் தே ஓ.' மன்னிக்கவும் அக்கா, எனக்கு தே ஓ வேண்டும். இவ்வளவு போதும், விளக்கம் தேவையில்லை.

மூன்றாவதுதான் முக்கியமானது: எதுவுமே புரியாதபோது என்ன செய்வது. 'மாஆஃப், செக்காலி லாகி' என்றால் இன்னொரு தடவை. 'பெர்லாஹான் சிக்கிட்' என்றால் கொஞ்சம் மெதுவாக. புதிதாக வந்தவர்கள் இவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டு, சிரித்துக்கொண்டே 'யா' (ஆமாம்) என்றுவிடுகிறார்கள். அந்த 'யா'வுக்குப் பிறகு வருவது கேட்காத சாப்பாடு. ஒத்திகையில் யாராவது புரியாமல் 'யா' சொன்னால், நான் உண்மையாகவே எதையாவது கட்டி அவர் கையில் கொடுத்துக் காசும் கேட்பேன்.

நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு சுற்று முடிந்ததும் சொல்லுங்கள். அதிலும் தவறான சாப்பாடு வரவழைக்கும் பிழைகளை மட்டும். மற்ற பிழைகளைக் கடைக்காரரே புரிந்துகொள்வார்.

7. வழி கேட்பது: நின்றுகொண்டுதான்

இதற்கு மேசை வேண்டாம். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பட்டணத்தின் வரைபடம் போடுங்கள். எங்கள் வரைபடத்தில் கோயில், தபால் நிலையம், பள்ளிவாசல், மருந்தகம், பஸ் நிலையம் ஐந்தும் உண்டு. இடங்களின் பெயரை எழுதாதீர்கள், கட்டம் மட்டும் போதும். எது எங்கே என்பது வழி சொல்பவருக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். இருவருக்கும் தெரிந்தால் கேட்கவே தேவையில்லை, நடிப்பு வெறும் ஒப்பிப்பாகிவிடும்.

இருவரும் ஒரே பக்கம் பார்த்து நில்லுங்கள். எதிரெதிரே நின்றால் உங்கள் இடது அவருக்கு வலது. கீரி (இடது), கானான் (வலது) இரண்டையும் தலைகீழாகப் படித்துவிட்டால் மாற்றுவது கடினம்.

தொடக்கம்: 'பாக் சிக், தும்பாங் தான்யா. கிளினிக் கட் மானா?' ஐயா, ஒன்று கேட்டுக்கொள்கிறேன், மருந்தகம் எங்கே? 'தும்பாங் தான்யா' இல்லாமல் நேரே கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் எதிராளி நின்று, நம் முகத்தைப் பார்த்து, நிதானமாகச் சொல்வார். கோயிலைக் கேட்க வேண்டுமென்றால் 'கூயில்' என்றால் போதும், அது நம் சொல்தான். கடைக்கு 'கெடாய்', அதுவும் நம் கடைதான்.

பதில் இப்படி வரும்: 'ஜாலான் தெருஸ், ஜும்பா சிம்பாங் தீகா, பெலோக் கீரி. லெப்பாஸ் பெஜாபாட் போஸ், கிளினிக் செபெலா கானான்.' நேரே போங்கள், முச்சந்தி வரும், இடது பக்கம் திரும்புங்கள். தபால் நிலையம் தாண்டியதும் வலது பக்கத்தில் மருந்தகம்.

இப்படி வரும் பதில்களில் மூன்று குழிகள் இருக்கின்றன. முதலாவது சிம்பாங் தீகா. தீகா என்றால் மூன்று என்று படித்தவர்கள், மூன்றாவது சந்திப்பு வரை நடந்துவிடுகிறார்கள். அது மூன்று சாலை கூடும் இடம், நம் முச்சந்தி. சிம்பாங் எம்பாட் நாற்சந்தி. மூன்றாவது சந்திப்பு என்பதற்கு 'சிம்பாங் கெதீகா' என்பார்கள். முச்சந்தி, நாற்சந்தி என்று நாமும் எண்ணை வைத்துத்தான் பெயரிட்டிருக்கிறோம் என்று ஒருமுறை சொன்னால் யாரும் மறப்பதில்லை.

இரண்டாவது செபெலா. பின்னால் கீரி, கானான் வந்தால் 'பக்கம்' என்று பொருள். பின்னால் ஓர் இடத்தின் பெயர் வந்தால் 'பக்கத்தில், ஒட்டி' என்று பொருள். செபெலா கானான், வலது பக்கம். செபெலா மஸ்ஜிட், பள்ளிவாசலுக்குப் பக்கத்தில். தமிழிலும் 'பக்கம்' இரண்டு வேலையும் செய்கிறது. ஆனால் செபெலாஸ் என்றால் பதினொன்று. கடைசி ஒலியைக் கவனிக்காதவர்கள் வழி கேட்டுவிட்டுப் பதினொன்றைத் தேடுவார்கள்.

மூன்றாவது டெக்காட். அருகில் என்றும் பொருள், பேச்சில் 'இல்' என்ற உருபாகவும் வரும். 'டெக்காட் பஸ் ஸ்டேசன்' என்றால் பஸ் நிலையத்துக்கு அருகிலா, பஸ் நிலையத்திலேயா என்று தெரியாது. அப்போது 'செபெலா?' என்று கேட்டு உறுதி செய்யலாம். இன்னொன்று: மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு டெக்காட் என்றால் நமக்கு அரை மணி நடை. 'போலே ஜாலான் காக்கி?' (நடந்து போகலாமா?) என்று கேட்கப் பழக்குங்கள்.

கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதுதான் இந்தப் படியின் உயிர். 'தெருஸ், சிம்பாங் தீகா, கீரி. பெதுல்?' சரிதானா? மூன்று துண்டுக்கு மேல் நினைவில் நிற்காது. அதனால் நான்காவது துண்டு வரும்போது நிறுத்தி, முதல் மூன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு, அங்கே போய் இன்னொருவரிடம் கேட்கச் சொல்லுங்கள். தோட்டத்து வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இங்கே நிறைய. நாம் கேட்கும் ஆளும் ஊருக்குப் புதியவராக இருக்கலாம். இரண்டு பேரிடம் கேட்பது நல்லது.

கை காட்டுவதையும் கவனியுங்கள். ஆள்காட்டி விரலை நீட்டுவது இங்கே நாகரிகமில்லை. வலது கையை மடக்கி, கட்டை விரலை மேலே வைத்து அந்தத் திசையைக் காட்டுவார்கள். அது எந்தத் திசை என்று பார்க்க வந்தவர் பழக வேண்டும், அவரும் அப்படியே காட்ட வேண்டும்.

8. முழுச் சுற்று, அப்புறம் நிஜக் கடை

நான்காவது அமர்வின் கடைசியில் கடையும் வழியும் சேர்ந்த ஒரு முழுச் சுற்று. கடையில் சாப்பிட்டுக் காசு கொடுத்துவிட்டு, அங்கேயே மருந்தகத்துக்கு வழி கேட்டு, தரையில் போட்ட வரைபடத்தில் நடந்து போய்ச் சேர வேண்டும். அதற்கு முன் ஒருமுறை இடம் மாற்றி, வந்தவரைக் கடைக்காரராக நிறுத்துங்கள். தானே 'பூங்குஸ்?' என்று கேட்டவருக்கு, நாளைக்கு அந்தக் கேள்வி வரும்போது முன்கூட்டியே தெரியும்.

நிஜக் கடையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. தமிழ் தெரிந்த கடைக்குப் போனால், முதல் தடுமாற்றத்திலேயே 'என்னண்ணே வேணும்?' என்று கேட்டுவிடுவார்கள், அதோடு ஒத்திகை வீண். மலாய்க்காரர் நடத்தும் சிறிய காலைக் கடை நல்லது. கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் போங்கள். நீங்கள் தள்ளி வேறு மேசையில் உட்காருங்கள், பக்கத்தில் இருந்தால் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். நாசி சம்புர் கடை முதல் தடவைக்கு வேண்டாம். அங்கே சோற்றோடு தட்டு கொடுத்ததும் நாமே கறிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும், கடைக்காரர் தட்டைப் பார்த்து விலை சொல்வார். பழகிய வாக்கியங்களுக்கு வேலையே இருக்காது.

திரும்பி வந்ததும் எப்படி இருந்தது என்று பொதுவாகக் கேட்காதீர்கள். எந்தக் கேள்வி புரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். அந்த உறவுக்காரப் பெண் இரண்டாவது முறை போய்வந்து சொன்னாள்: தே ஓ கட்டித் தரச் சொன்னபோது, கடைக்கார அக்கா 'ஈக்காட் தெப்பி?' என்று கேட்டாராம். பிளாஸ்டிக் பையில் உறிஞ்சு குழாய் போட்டு ஓரத்தில் முடிச்சுப் போடவா என்று அர்த்தம். முழுக்க இறுக்கிக் கட்டினால் ஈக்காட் மாத்தி. எங்கள் பெட்டியில் ஒன்பதாவது சீட்டு அதுதான்.